லாபம் வந்தாலும் வரி, நஷ்டம் வந்தாலும் வரி!
பத்திரப் பதிவுக்குப் போகும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

சம்பாதித்தால் வரி கேட்கிறார்கள். அது நியாயம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். கடையில் சாமான் வாங்கினால் வரி கேட்கிறார்கள். அதுவும் பழகிப்போன சங்கதி. ஆனால் ஒரு காசுகூடச் சம்பாதிக்காமல், கையில் இருந்த வீட்டை விற்று அதே பணத்துக்கு வேறொரு வீடு வாங்கினவரிடமும் லட்சக் கணக்கில் வரி வாங்கப்படுகிறது. அது என்ன வரி?

அதுதான் பத்திரத்துக்குக் கட்டும் முத்திரைத் தீர்வை!

'ஸ்டாம்பு செலவு' என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். செலவு என்று சொல்வதால் அது வரி என்பதே பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. ஏதோ காகிதத்தின் விலை, ஆபீசுக்குக் கட்டும் கூலி என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது முழுக்க முழுக்க வரிதான். ஆனால் மற்ற வரிகளைப் போன்றது அல்ல. வருமான வரி, "உனக்கு எவ்வளவு வந்தது?" என்று கேட்கும். வீட்டு வரி, "உன்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்கும். முத்திரைத் தீர்வை இந்த இரண்டையும் கேட்பதில்லை. "சொத்து கைமாறியதா? பத்திரம் எழுதினீர்களா?" என்று மட்டும் கேட்கும். ஆம் என்றால், எடு பணத்தை!

இந்த ஒரே கேள்வியால் வரும் நன்மையும் தீமையும் என்ன, யாருக்கு இந்த வரி லேசாகப் படுகிறது, யாரை அழுத்துகிறது என்பதைப் பார்க்கலாம்.

எவ்வளவு கட்ட வேண்டும்?

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் உள்ள கணக்கு இது. கிரயப் பத்திரம் எழுதினால் நூற்றுக்கு 7 ரூபாய் முத்திரைத் தீர்வை. அதில் 5 ரூபாய் அடிப்படைத் தீர்வை. மீதி 2 ரூபாய் ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி போன்றவற்றுக்காக வாங்கும் மேல் தீர்வை. இதற்கு மேல் நூற்றுக்கு 2 ரூபாய் பதிவுக் கட்டணம். ஆகக்கூடி, நூற்றுக்கு 9 ரூபாய்.

2025 ஏப்ரல் முதல் ஒரு சலுகை உண்டு. 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு 1 ரூபாய் குறையும்.

எந்தத் தொகைக்கு இந்த 9 சதவீதம்? பேசி முடித்த விலைக்கா என்றால், அதற்கு மட்டும் அல்ல. ஒவ்வொரு தெருவுக்கும், ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அரசாங்கம் ஒரு மதிப்புப் போட்டு வைத்திருக்கிறது. அதற்கு 'வழிகாட்டி மதிப்பு' என்று பெயர். பேசிய விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் தீர்வை கணக்கிடுவது வழக்கம். பதிவுத் துறையின் இணையதளமான tnreginet.gov.in என்பதில் இந்த மதிப்பை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. முன்பணம் கொடுத்த பிறகு பார்த்துத் திகைத்து நிற்பவர்கள் உண்டு.

20 லட்சம் ரூபாய் வீடு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். முத்திரைத் தீர்வை 1 லட்சத்து 40 ஆயிரம். பதிவுக் கட்டணம் 40 ஆயிரம். மொத்தம் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். பத்திரம் எழுதும் கூலி, மற்றச் செலவுகள் தனி.

இந்த 1 லட்சத்து 80 ஆயிரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கணக்கெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

அண்ணன் ஒரு வீடு, தம்பி மூன்று வீடு

அண்ணன் தம்பி இருவர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இருவருக்கும் ஒரே சம்பளம். ஒரே வயதுப் பிள்ளைகள். அண்ணனுக்குத் திருச்சியில் வேலை, மாற்றமே கிடையாது. தம்பிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஊர் மாற்றம்.

அண்ணன் திருச்சியில் 20 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு வாங்கினார். 1 லட்சத்து 80 ஆயிரம் கட்டினார். அங்கேயே இருந்தார். காரியம் முடிந்தது.

தம்பி மதுரையில் 20 லட்சம் ரூபாய்க்கு வீடு வாங்கினார். அவரும் 1 லட்சத்து 80 ஆயிரம் கட்டினார். ஐந்து வருஷம் கழித்துச் சேலத்துக்கு மாற்றம். மதுரை வீட்டை விற்றுச் சேலத்தில் ஒரு வீடு வாங்கினார். மறுபடியும் ஐந்து வருஷம் கழித்துத் திருநெல்வேலிக்கு மாற்றம். சேலத்து வீட்டை விற்றுத் திருநெல்வேலியில் வாங்கினார். கணக்கு எளிதாக இருப்பதற்காக, வீட்டு விலையும் வரி விகிதமும் மாறவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் தம்பி கட்டிய தொகை மும்மடங்கு: 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்!

பொங்கலுக்கு இருவரும் ஊரில் சந்தித்தால் பேச்சு எப்படி இருக்கும்?

"அண்ணா, உங்களுக்கும் எனக்கும் ஒரே சம்பளம். உங்களிடமும் ஒரு வீடு, என்னிடமும் ஒரு வீடு. நான் மட்டும் ஏன் மூன்று பங்கு வரி கட்டினேன்?"

"நீ மூன்று தடவை பத்திரம் எழுதினாய் அப்பா! நான் ஒரு தடவைதானே எழுதினேன்?"

அண்ணன் சொன்ன பதிலில் தப்பே இல்லை. சட்டத்தின் பதிலும் அதுதான். பத்திரம் எழுதினால் வரி. எத்தனை தடவை எழுதினால் அத்தனை தடவை வரி. தம்பி பணக்காரர் ஆனாரா, ஏழை ஆனாரா என்பது அந்தக் கணக்கில் வராது. அவர் ஆசைப்பட்டு ஊர் மாறினாரா, மாற்ற உத்தரவு வந்து மாறினாரா என்பதும் வராது.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடைக்காரர் சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்டும் வரியில் கழித்துக்கொள்ள ஜி.எஸ்.டி. சட்டத்தில் வழி உண்டு. முத்திரைத் தீர்வையில் அப்படிக் கழிவு கிடையாது. மதுரை வீட்டுக்குக் கட்டியதைச் சேலத்து வீட்டுக்குக் கட்டும்போது கழிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் முழு விலைக்கும் புதிதாகக் கட்ட வேண்டும்.

வருமான வரி இதே விஷயத்தை எப்படிப் பார்க்கிறது?

வீட்டை விற்றால் வருமான வரியும் உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்டு. ஆனால் அந்த வரி கணக்குப் பார்க்கும் விதமே வேறு.

ஒருவர் 20 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 30 லட்சத்துக்கு விற்றால், கிடைத்த லாபத்துக்குத்தான் வருமான வரி. 30 லட்சத்துக்கு அல்ல. வாங்கும்போது கட்டிய முத்திரைத் தீர்வையைக்கூட வாங்கிய விலையோடு சேர்த்துக் கழித்துக்கொள்ளலாம். இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற சொத்தாக இருந்தால், 2024 ஜூலை 23 முதல் அந்த லாபத்துக்கு நூற்றுக்கு 12 ரூபாய் 50 காசு என்ற விகிதம். அதற்கு முன்பே வாங்கிய வீடாக இருந்தால், விலைவாசி ஏற்றத்தைக் கழித்துக்கொண்டு 20 சதவீதக் கணக்கில் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டவும் இடம் உண்டு.

வாங்கிய விலைக்கும் குறைவாக விற்று நஷ்டப்பட்டால்? அந்த விற்பனைக்கு வருமான வரியே இல்லை. விற்ற லாபத்தைக் கொண்டு குறித்த காலத்துக்குள் வேறொரு வீடு வாங்கினால், அதற்கும் விலக்குக் கேட்கலாம். ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போகிறவரை வருமான வரிச் சட்டம் விட்டுக்கொடுத்துப் பார்க்கிறது.

முத்திரைத் தீர்வைக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை. வைத்தியச் செலவுக்காக அவசரமாக வீட்டை விற்கிற குடும்பம் என்றாலும், கொழுத்த லாபத்துக்கு விற்கிற மனை வியாபாரி என்றாலும், பத்திரத்தில் உள்ள தொகை ஒன்றாக இருந்தால் வரியும் ஒன்றுதான்.

கட்டுவது ஒருவர், சுமப்பது யார்?

"வரியை வாங்குகிறவர்தானே கட்டுகிறார்? விற்கிறவருக்கு என்ன கவலை?" என்று கேட்பவர்கள் பலர். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. வேறு பேச்சு இல்லாவிட்டால் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டியவர் வாங்குகிறவரே. ஆனால் பணம் போகும் வழி வேறு.

வீடு வாங்க வந்தவரிடம் மொத்தமே 20 லட்சம் ரூபாய் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாயும் புரட்ட முடியாது. வழிகாட்டி மதிப்பும் இடைஞ்சலாக இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அவர் விற்கிறவருக்கு எவ்வளவு கொடுக்க முடியும்? முழு 20 லட்சமும் கொடுக்க முடியாது. வரிக்கு எடுத்து வைக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், சுமார் 18 லட்சத்து 35 ஆயிரம்தான் வீட்டுக்காரருக்குக் கொடுக்க முடியும். மீதி 1 லட்சத்து 65 ஆயிரம் வரிக்குப் போய்விடும்.

வாங்குகிறவர் கையிலிருந்து போனது 20 லட்சம். விற்கிறவர் கைக்கு வந்தது 18 லட்சத்து 35 ஆயிரம். நடுவில் நிற்கும் தொகை யாருடையது? வாங்குகிறவர் கட்டியதுபோலத் தோன்றினாலும், விலையைக் குறைத்துக் கேட்பதன் மூலம் அதில் ஒரு பங்கை அவர் விற்கிறவர் தலையில் வைத்துவிடுகிறார். எந்தப் பங்கு யார் தலையில் என்பது அவரவர் அவசரத்தைப் பொறுத்தது. விற்றே தீரவேண்டும் என்ற நிலையில் இருப்பவர் அதிகம் சுமப்பார். வாங்கியே தீரவேண்டும் என்பவர் எதிரில் இருந்தால் அவர் சுமப்பார். ஆகவே, கஷ்டத்தில் இருப்பவர் பக்கமாகவே இந்த வரி சாய்கிறது.

வாங்குகிறவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கிகள், சிறு விலை வீடுகளைத் தவிர, பொதுவாக வீட்டின் விலையில் ஒரு பகுதிக்குத்தான் கடன் தருகின்றன. முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் விலையோடு சேர்ப்பதில்லை. கடன் வாங்கி வீடு வாங்குகிறவரும் இந்தத் தொகையைக் கைப்பணத்திலிருந்துதான் கட்ட வேண்டும். சீட்டுப் பணமும் நகைப் பணமும் கரைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஏன் இப்படி ஒரு வரி?

இந்த வரி நேற்று முளைத்தது அல்ல. 1624-ம் வருஷம் ஹாலந்து தேசத்தில் தோன்றியது. யுத்தச் செலவுக்குப் பணமில்லாமல் திண்டாடிய அரசாங்கம், ஜனங்களுக்கு அதிகம் உறைக்காத ஒரு புது வரியைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தது. அப்போது வந்த யோசனைதான் முத்திரைக் காகித வரி. 1694-ல் இங்கிலாந்தும் அதை எடுத்துக்கொண்டது. அங்கும் யுத்தச் செலவுதான் காரணம். பிறகு ஆங்கிலேயரோடு நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. இன்றைக்கும் நடப்பில் உள்ள இந்திய முத்திரைச் சட்டம் 1899-ல் செய்யப்பட்டது.

அரசாங்கங்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. வருமான வரி வாங்க வேண்டுமானால் ஒருவருடைய கணக்கைப் புரட்ட வேண்டும். ஒளித்து வைத்ததைத் தேட வேண்டும். முத்திரைத் தீர்வையில் அந்தச் சிரமம் இல்லை. கட்ட வேண்டியவர் தாமே தேடி வந்து கட்டுகிறார்! ஏனென்றால், கட்டாவிட்டால் நஷ்டம் அவருக்குத்தான். போதிய முத்திரை இல்லாத பத்திரத்தைக் கோர்ட்டு சாட்சியமாக ஏற்காது. குறைந்த தொகையையும் அபராதத்தையும் கட்டிய பிறகுதான் ஏற்கும். அந்த அபராதம் குறைந்த தொகையைப் போலப் பத்து மடங்கு வரையிலும் போகலாம். வீடு நிலம் விற்பனையைப் பதியாவிட்டால் சொத்தே சட்டப்படி கைமாறியதாக ஆகாது.

மற்றொரு காரணம் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. விவசாய வருமானம் தவிர மற்ற வருமானத்துக்கு வரி போடும் அதிகாரம் மத்திய அரசாங்கத்துக்கு மட்டுமே உண்டு. வீடு, நிலம் விற்பனைப் பத்திரத்துக்கு எவ்வளவு தீர்வை என்று தீர்மானிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு. ஆகவே, "பத்திர வரியை எடுத்துவிட்டு, அந்தப் பணத்தை வருமான வரியாக வாங்குங்கள்" என்று மாநில அரசாங்கத்திடம் சொன்னால், அது நினைத்தாலும் செய்ய முடியாது.

அரசாங்கத்துக்கும் இந்த வரியில் ஒரு கஷ்டம் உண்டு. வருமானம் வருஷா வருஷம் ஜனங்களுக்கு வரும். வீடு விற்பனை அப்படி அல்ல. மனை வியாபாரம் சூடாக இருக்கும் வருஷத்தில் பணம் கொட்டும். மந்தமான வருஷத்தில் வற்றிப்போகும். ஆசிரியர் சம்பளத்தையும் ஆஸ்பத்திரிச் செலவையும் வியாபாரம் மந்தம் என்று நிறுத்திவைக்க முடியுமா? முடியாது.

குறுக்கு வழியும் குழியும்

வரி அதிகமாகத் தோன்றும் இடத்தில் குறுக்கு வழி தேடுவது மனித சுபாவம். இதில் இரண்டு வழிகள் பிரசித்தமானவை. இரண்டும் குழியில் கொண்டுபோய் விடுபவை.

முதல் வழி, பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவது. 20 லட்சத்துக்கு வாங்கிவிட்டு 12 லட்சம் என்று எழுதுகிறார்கள். மீதி 8 லட்சம் ரொக்கமாகக் கைமாறுகிறது. 8 லட்சத்துக்கு 9 சதவீதம், 72 ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்படுகிறார்கள்.

இந்தப் பழக்கத்தைத் தடுக்கத்தான், சென்னை ராஜ்யம் என்று பெயர் இருந்த காலத்திலேயே, 1967-ல் முத்திரைச் சட்டத்தில் 47-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. விலை குறைத்து எழுதப்பட்டிருக்கிறது என்று சார்பதிவாளர் கருதினால், பத்திரத்தைப் பதிந்துவிட்டு, சரியான மதிப்பைத் தீர்மானிக்க அதற்கென்று உள்ள கலெக்டருக்கு அனுப்பலாம். அவர் விசாரித்து முடிவு சொல்வார். குறைந்த தீர்வையைக் கட்ட வேண்டியிருக்கும். அது முடியும் வரையில் பத்திரம் சுலபத்தில் கைக்கு வராது.

அதில் தப்பினாலும் இன்னொரு குழி காத்திருக்கிறது. சில வருஷம் கழித்து அதே வீட்டை அதே 20 லட்சத்துக்கு நேர்மையாகப் பத்திரம் எழுதி விற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையில் அவருக்கு லாபமே இல்லை. ஆனால் காகிதம் என்ன சொல்கிறது? வாங்கியது 12 லட்சம். அதற்குக் கட்டிய வரி 1 லட்சத்து 8 ஆயிரம். ஆகமொத்தம் 13 லட்சத்து 8 ஆயிரம். விற்றது 20 லட்சம். லாபம் 6 லட்சத்து 92 ஆயிரம்! வேறு விலக்கு எதுவும் இல்லாவிட்டால் 12.5 சதவீதக் கணக்கில் 86 ஆயிரத்து 500 ரூபாய் வருமான வரி. பத்திரத்தில் மிச்சம் பிடித்தது 72 ஆயிரம். பிறகு கட்டியது 86 ஆயிரத்து 500. வராத லாபத்துக்கு வரி கட்டிய கதை இது. விலையை உள்ளபடி எழுதியிருந்தால், வாங்கிய கணக்கே 21 லட்சத்து 80 ஆயிரம் ஆகியிருக்கும். வருமான வரி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இடையில் வீட்டின் உரிமையில் வில்லங்கம் கிளம்பினால் நிலைமை இன்னும் மோசம். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டால், பத்திரத்தில் உள்ள 12 லட்சத்துக்குத்தான் எழுத்து இருக்கிறது. ரொக்கமாகப் போன 8 லட்சத்துக்குச் சாட்சி யார்?

இரண்டாவது வழி, கிரயப் பத்திரமே எழுதாமல் 'பவர்' எழுதிக்கொள்வது. விற்கிறவர் பணம் முழுவதையும் வாங்கிக்கொண்டு, வாங்குகிறவர் பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுத்துவிடுவார். வாங்கினவர் அதைக் கொண்டு இன்னொருவருக்கு விற்பார். நடுவில் ஒரு கிரயப் பத்திரத்தின் வரி மிச்சம்.

இப்படிப்பட்ட 'பவர்' விற்பனையால் சொத்தின் உரிமை மாறாது என்று 2011 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு திட்டவட்டமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பதிவான கிரயப் பத்திரம் ஒன்றே உரிமையை மாற்றும். 'பவர்' மட்டும் வைத்திருப்பவர் வீட்டில் குடியிருக்கலாம், வீட்டு வரி கட்டலாம். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர் பழைய ஆள்தான். 'பவர்' எழுதிக்கொடுத்தவர் இறந்துபோனால், சாதாரணமாக அந்த 'பவரும்' அவரோடு போய்விடும். பிறகு அவர் பிள்ளைகளைத் தேடிப்போய்க் கையெழுத்துக் கேட்க வேண்டும்.

வில்லங்கச் சான்று வாங்கிப் பார்க்கும்போது, உங்களுக்கு விற்க வந்திருப்பவர் பெயருக்குக் கிரயப் பத்திரம் இருக்கிறதா, வெறும் 'பவர்' இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெறும் 'பவர்' என்றால், உண்மையான சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா, 'பவர்' ரத்தாகாமல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுக்காதீர்கள்.

குடும்பத்துக்குள் கொடுத்தால்

ஒரு தகப்பனார் தம் 20 லட்சம் ரூபாய் வீட்டை மகளுக்குத் தானமாக எழுதிவைக்கிறார். இதற்குச் செட்டில்மெண்டு பத்திரம் என்று பெயர். குடும்பத்தாருக்குள் இப்படி எழுதினால் தீர்வை நூற்றுக்கு 1 ரூபாய். அதுவும் 40 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணமும் நூற்றுக்கு 1 ரூபாய். அது 10 ஆயிரத்துக்கு மேல் போகாது. இந்த உச்ச வரம்புகள் 2023 ஜூலையில் வந்தவை. மேற்படி வீட்டுக்குத் தீர்வை 20 ஆயிரம், கட்டணம் 10 ஆயிரம், மொத்தம் 30 ஆயிரம் ரூபாய். உயில் எழுதிவைத்தாலோ அதற்கு முத்திரைத் தீர்வையே கிடையாது.

இது குடும்பங்களுக்கு நல்ல சலுகைதான். ஆனால் முன்னே பார்த்த தம்பியை இப்போது நினைத்துப் பாருங்கள். மகளுக்கு 20 லட்சம் ரூபாய் வீடு புதிதாகக் கிடைத்தது. போன வரி 30 ஆயிரம். தம்பிக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஒரு வீட்டைக் கொடுத்து ஒரு வீட்டை வாங்கினார். போன வரி 1 லட்சத்து 80 ஆயிரம். யாருக்கு எவ்வளவு சேர்ந்தது என்பதை இந்த வரி பார்ப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா?

ஆஸ்திரேலியாவில் ஒரு பரீட்சை

இதை மாற்றவே முடியாதா என்றால், மாற்ற முயன்ற ஊர் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெரா. அந்தத் தலைநகரப் பிரதேச அரசாங்கம் 2012-ல் ஒரு தீர்மானம் செய்தது. வீடு விற்பனைத் தீர்வையை ஒரேயடியாக எடுக்காமல், இருபது வருஷத்தில் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போவது. அதனால் குறையும் பணத்தை, எல்லோரும் வருஷா வருஷம் கட்டும் நில வரியை ஏற்றிச் சரிக்கட்டுவது.

அங்கே அண்ணன் தம்பி இருவரும் இருந்தால், இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வரி விழும். எத்தனை தடவை வீடு மாறினார் என்பது முக்கியமில்லை. அரசாங்கத்துக்கும் வருஷா வருஷம் நிலையாகப் பணம் வரும்.

ஆனால் அதிலும் முள் இல்லாமல் இல்லை. நேற்றுத்தான் பெருந்தொகை தீர்வை கட்டி வீடு வாங்கினவர், இன்றைக்கு ஏறிய நில வரியையும் கட்ட வேண்டும். ஒரே சொத்துக்கு இரண்டு சுமை. இன்னொரு பக்கம், பென்ஷனில் காலம் தள்ளும் ஒரு பாட்டி விலை உயர்ந்த இடத்தில் பழைய வீட்டில் இருப்பார். கையில் பணம் இராது; ஆனாலும் வரி ஏறும். நில வரியும் வருமானத்தைப் பார்ப்பதில்லையே! இருபது வருஷம் என்று நீட்டி வைத்ததற்குக் காரணம், இந்தச் சுமை ஒரே நாளில் யார் தலையிலும் விழக் கூடாது என்பதுதான்.

ஒரு மாதக் கணக்கு

கான்பெராவின் வழி இங்கே எப்போது வரும், வருமா என்பது அரசாங்கங்கள் தீர்மானிக்க வேண்டிய விஷயம். அதுவரையில் ஒரு குடும்பம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முத்திரைத் தீர்வையை ஒரே தொகையாகப் பார்க்காமல், அந்த வீட்டில் இருக்கப்போகும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள்.

அதே 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் அந்த வீட்டில் இருந்தால், மாதத்துக்கு 500 ரூபாய்தான். பெரிய பாரம் இல்லை. ஐந்து வருஷத்தில் விற்றுவிட்டால் மாதத்துக்கு 3,000 ரூபாய். இரண்டே வருஷத்தில் விற்றால் மாதத்துக்கு 7,500 ரூபாய்!

ஊர் மாற்றம் எப்போது வரும் என்று தெரியாத உத்தியோகஸ்தர், இந்த 7,500-ஐயும், அந்த ஊரில் அதே மாதிரி வீட்டுக்கு வாடகை என்ன என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். பல ஊர்களில் தீர்வை மட்டுமே வாடகையைத் தொட்டுவிடும். வீட்டுக் கடன் வட்டி அதற்கு மேல் தனி. அப்படிப்பட்டவருக்கு வாடகை வீடே லாபம். மாறாக, இங்கேயே பிள்ளைகளைப் படிக்கவைத்து, இங்கேயே கல்யாணம் செய்துகொடுத்து, இங்கேயே இருக்கப்போகிறோம் என்று நிச்சயமாகத் தெரிந்த குடும்பம், மாதம் 500 ரூபாய்க்காகப் பயந்து விலையைக் குறைத்து எழுதவோ 'பவர்' வாங்கவோ தேவையே இல்லை. உள்ள விலையை உள்ளபடி எழுதி, கட்ட வேண்டியதைக் கட்டி, பத்திரத்தைக் கையில் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.